மனநலப் பிரிவில் குடும்ப வன்முறையைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்கேள்விகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளர் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், உளவியலாளர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் ஆகியோர் அடிக்கடி எழுப்புபவை. தனியார் மருத்துவமனைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் பிரிவுக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் இதைக் கேட்க வேண்டுமா, சந்தேகம் வந்தால் மட்டும் கேட்டால் போதுமா?

மனநலப் பிரிவில் எல்லாப் பெண்களிடமும் கேட்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் வருபவர் உட்பட எல்லோரிடமும் கேட்கும்படி சொல்லவில்லை. வன்முறையோடு தொடர்புடைய அறிகுறிகள் இருக்கும்போது கேட்கச் சொல்கிறது. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை முயற்சி, காரணம் பிடிபடாத நீண்டநாள் வலி, தூக்கமின்மை ஆகியவை அந்த அறிகுறிகளுள் அடங்கும். அதாவது நம் பிரிவின் கதவைத் திறந்து வருபவரில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த வரையறைக்குள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2014இல், மனநலச் சேவைகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இதை வழக்கமான கேள்வியாகவே கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள். யாரைப் பார்த்தால் சந்தேகம் வருகிறதோ அவரிடம் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டால், படித்தவர், வேலைக்குப் போகிறவர், நல்ல உடை உடுத்தியவர், கணவர் அன்பாகப் பேசுபவர் ஆகியோர் தவறிப்போவார்கள். எல்லோரிடமும் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. "இங்க வர்ற எல்லாரையும் கேக்கறோம்" என்று உண்மையாகவே சொல்ல முடியும். பிற்பாடு வீட்டில் விசாரணை நடந்தால் அந்தப் பெண்ணும் அதையே சொல்லித் தப்பிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கதவு மூடக்கூடிய ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒருவர், "ஆம்" என்ற பதில் வந்தால் அன்றே தொடர்புகொள்ளக்கூடிய ஒரு பெயரும் எண்ணும், பதிவேட்டைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி ஆகிய நான்கும் இல்லாத பிரிவு, முதலில் அவற்றை ஏற்படுத்திக்கொண்ட பிறகே கேட்கத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பினால், அந்தப் பெண் மறுபடி யாரிடமும் வாய் திறக்காமல் போகக்கூடும்.

கணவர் எழுந்து போக மறுக்கிறார். வெளியே இருங்கள் என்று சொன்னால் வீட்டுக்குப் போய் மனைவியைத்தான் கேட்பார். என்ன செய்வது?

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை பெரும்பாலும் கைகூடும்.

ஒரு பெண்ணை மட்டும் தனியே அழைத்தால் அது கண்ணில் படும். எல்லா நோயாளிகளையும், ஆண்களையும் சேர்த்து, சிறிது நேரம் தனியே பார்ப்பது பிரிவின் நடைமுறையாக இருந்தால் அது கண்ணில் படாது. "ஒவ்வொரு நோயாளியையும் மருத்துவர் முதலில் தனியாகப் பார்ப்பார்; பிறகு உடன் வந்தவரிடம் பேசுவார்" என்ற அறிவிப்பைக் காத்திருக்கும் இடத்தில் எழுதி ஒட்டிவிட்டால், கணவர் கோபப்பட்டாலும் அந்தக் கோபம் பலகையின் மீதும் நம் மீதும் போகுமே தவிர மனைவி மீது போவது குறையும். அதையும் மீறி நகராதவர் உண்டு. அப்போது வாதிடாமல், செவிலியர் வந்து எடை பார்க்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் அந்தப் பெண்ணை உள்ளறைக்கு அழைத்துச் செல்லலாம். அதே நேரத்தில் இன்னொரு பணியாளர் கணவரை வேறு இடத்தில் உட்காரவைத்து, நோய் எப்போது தொடங்கியது, என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்று நிதானமாக விவரம் கேட்கலாம். நோயாளியின் வரலாற்றை உறவினரிடம் கேட்பது நம் வழக்கமான வேலை என்பதால் இதில் யாரும் வித்தியாசம் காண மாட்டார்கள்.

கணவர் மட்டுமே வெளியே போக வேண்டும் என்று நினைப்பது போதாது. மாமியார், நாத்தனார் மட்டுமல்லாமல், பெற்ற தாய் முன்னிலையிலும் கேட்கக் கூடாது; "பொறுத்துப் போ" என்று மகளைத் திருப்பி அனுப்பியவர் அந்தத் தாயாகவே இருக்கலாம். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தையும் அறையில் இருக்கக் கூடாது. அது கேட்டதை வீட்டில் அப்படியே ஒப்பிக்கும். திருப்பூர், ஓசூர் போன்ற ஊர்களில் வேலைக்கு வந்து தங்கிய இந்தி அல்லது ஒடியா பேசும் குடும்பங்களில், மொழிபெயர்க்கக் கணவரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ பயன்படுத்தவே கூடாது. திரைச்சீலை மறைவு தனிமை ஆகாது; சீலைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எல்லாம் கேட்கும். அந்தப் பெண்ணின் கைப்பேசி மேசைமீது இருந்தால், அழைப்பு இணைப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்பதற்காகக் கைப்பேசியை இணைப்பிலேயே வைத்திருக்கச் சொல்லும் கணவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தனிமை கிடைக்கவில்லை என்றால் அன்று கேட்காதீர்கள். "தனிமை கிடைக்கவில்லை, அடுத்த வருகையில்" என்று உங்கள் பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனை முடிவைக் காரணம் காட்டி ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதிப்பதைவிட, மற்றவர் காதில் விழும்படி கேட்பதே அதிக ஆபத்து.

எந்தச் சொற்களில் கேட்பது? நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை.

"உங்கள் வீட்டில் குடும்ப வன்முறை இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். அறைவதையும் தலைமுடியைப் பிடித்து இழுப்பதையும் வன்முறை என்ற பெயரில் யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. "கொடுமைப்படுத்துகிறாரா?" என்பதும் அப்படித்தான், அதற்கு "ஆம்" என்று சொல்வது கணவர்மீது குற்றம் சுமத்துவதாகப் படும். நடக்கும் செயலைக் கேட்பதே பயன் தரும்.

முதலில், சொல்வது எங்கே வரை போகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது வெளியில நிக்கிறவங்க யாருக்கும் போகாதும்மா. உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல சின்னப் பிள்ளைங்களுக்கு யாராவது தப்பா ஏதும் செஞ்சிருந்தா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இந்த எல்லையைப் பிற்பாடு சொல்வது நியாயமல்ல.

பிறகு அகலமான கேள்வியில் தொடங்கிக் குறுகிய கேள்விக்கு வரலாம். "வீட்டுல யார்கூட இருக்கும்போது நிம்மதியா இருக்கு? யாரைப் பார்த்தா பயமா இருக்கு?" என்பது நல்ல தொடக்கம். அடுத்து, "தூக்கம் இல்லாம, மனசு பாரமா வர்ற நிறைய பேருக்கு வீட்டுல அடி, திட்டு, மிரட்டல் இருக்கறதைப் பார்த்திருக்கோம். அதனால எல்லாரையும் கேக்கறோம். உங்களை யாராவது அடிக்கறது, தள்ளிவிடறது, கழுத்தைப் பிடிக்கறது உண்டா?" என்று கேட்கலாம். அதைத் தொடர்ந்து, "உங்களுக்கு இஷ்டம் இல்லாதபோதும் கட்டாயப்படுத்தறது உண்டா?" என்பதைக் குரலைத் தாழ்த்தாமல், மற்றக் கேள்விகளைக் கேட்ட அதே தொனியில் கேட்க வேண்டும். நாம் கூச்சப்பட்டால் அவரும் மறைப்பார். கடைசியாகப் பணம்: சம்பளம் யார் கையில் போகிறது, ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது, நகையை அவரைக் கேட்காமல் அடகு வைத்தார்களா என்பவை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உடல், பாலியல், வாய்மொழி மற்றும் உணர்வு, பொருளாதாரம் ஆகிய எல்லா வகைத் துன்புறுத்தலையும் உள்ளடக்குகிறது என்பதால், அடி இல்லை என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது.

மனநலப் பிரிவில் மட்டும் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. பொது மருத்துவத்துக்கான படிவங்களில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. மாத்திரையை யார் கையில் வைத்திருக்கிறார்கள்? சண்டை வந்தால் மாத்திரையை ஒளித்துவைக்கிறார்களா, அல்லது அமைதியாகக் கிடக்கட்டும் என்று கூடுதலாகக் கொடுக்கிறார்களா? "உனக்குப் பைத்தியம், நீ சொன்னா யார் நம்புவா" என்றோ, "ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுருவேன், பிள்ளையைப் பார்க்க விடமாட்டேன்" என்றோ மிரட்டுகிறார்களா? நோயின் பெயரையே ஆயுதமாக்குவது நம் நோயாளிகளுக்கு நேரும் தனி வகை வன்முறை. அதைக் கேட்டறிய நம்மைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

"நீங்க என்ன செஞ்சீங்க அவர் அடிக்கற அளவுக்கு?", "இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீங்க?" ஆகிய இரண்டையும் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. கேள்வித்தாளைக் காத்திருக்கும் இடத்தில் கொடுத்து நிரப்பச் சொல்வதும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் படிப்பார்.

உடலில் காயம் தெரிகிறது. ஆனால் அவர் 'கீழே விழுந்துட்டேன்' என்கிறார்.

வற்புறுத்தாதீர்கள். "சரிம்மா. எப்பவாவது யாராவது உங்களைக் காயப்படுத்தினா இங்க வந்து சொல்லலாம், நாங்க நம்புவோம்" என்று சொல்லி, 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாயால் சொல்லிவிடுங்கள். மூன்று இலக்கம் என்பதால் மனத்தில் நிற்கும், காகிதம் தேவையில்லை. காயத்தின் இடம், அளவு, நிறம் ஆகியவற்றையும் அவர் சொன்ன காரணத்தையும் பதிவேட்டில் எழுதி, அடுத்த வருகையில் மறுபடி கேளுங்கள். மூன்றாவது, நான்காவது வருகையில்தான் பலர் சொல்கிறார்கள்.

சந்தேக மாயை உள்ள நோயாளி, கணவர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்கிறார். இதை நம்புவதா, அறிகுறி என்று எழுதுவதா?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும். தீவிர மனநோய் உள்ள பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் வன்முறைக்கு ஆளாகிறார்கள். அவர்கள் சொல்வது எளிதில் தள்ளப்படும் என்பது அடிப்பவருக்கும் தெரியும். ஆகவே தனியே விசாரிக்கும் முன் "கணவர்மீது சந்தேக மாயை" என்று எழுதிவிடுவது ஆபத்தானது. அந்த ஒரு வரி ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் தொடர்ந்து வந்து, அடுத்த மருத்துவரின் காதையும் அடைத்துவிடும்.

நடைமுறையில், பொதுவான கூற்றை விட்டுக் குறிப்பான நிகழ்வைக் கேட்க வேண்டும். கடைசியாக என்ன நடந்தது, எந்த அறையில், என்ன நேரம், யார் இருந்தார்கள், உடலில் எங்கே வலித்தது என்று கேட்டால், மாயையோடு கலந்த பேச்சிலும் நடந்த அடி தனியே தெரியவரும். சோற்றில் விஷம் கலக்கிறார் என்பதும் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்கிறார் என்பதும் மாயையாக இருக்கலாம். அதே பேச்சில் வரும் "பெல்ட்டால அடிச்சார்" என்பதும், முதுகில் இணைகோடாக இருக்கும் இரண்டு தழும்புகளும் மாயை ஆகா. சரிபார்ப்பதற்காகக் கணவரிடம் "இப்படிச் சொல்கிறாரே, உண்மையா?" என்று கேட்பது எல்லாவற்றிலும் பெரிய தீங்கு. நோய் கடுமையாக இருக்கும்போது விவரம் முழுமையாக வராவிட்டால், பாதுகாப்பை மட்டும் அன்று உறுதிசெய்துகொண்டு, மருந்து வேலை செய்த பிறகு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, மறுபடி கேளுங்கள். மாயை தணிந்த பிறகும் அதே நிகழ்வை அதே விவரத்தோடு சொன்னால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டாலும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அதற்குள் வீட்டில் மிரட்டியிருக்கலாம்.

'ஆம்' என்று சொல்லிவிட்டார். அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், எழுதுவதை நிறுத்திவிடுங்கள். "சொன்னது நல்லதும்மா. இது உங்க தப்பு இல்ல. யாருக்கும் உங்களை அடிக்க உரிமை இல்ல" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். கணவரைத் திட்டுவதும், உடனே விட்டு வந்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்வதும் வேண்டாம். வீட்டைவிட்டு வெளியேறும் நேரமும் அதற்கு அடுத்த வாரங்களும்தான் வன்முறை உச்சத்தை எட்டும் காலம். திட்டமில்லாமல் கிளம்பச் சொல்வது அந்த ஆபத்துக்குள் தள்ளுவதாகும்.

அடுத்தது ஆபத்தை எடைபோடுவது. இதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு தரும் கேள்விகளுள் ஐந்து இவை. கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா? ஆயுதத்தைப் பயன்படுத்தியோ காட்டி மிரட்டியோ இருக்கிறாரா? உங்களைக் கொன்றுவிடக்கூடியவர் என்று நம்புகிறீர்களா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? ஓயாமல் சந்தேகப்பட்டு வெறிபிடித்தது போல நடந்துகொள்கிறாரா? இவற்றில் மூன்றுக்கு "ஆம்" என்றால் ஆபத்து மிக அதிகம். கழுத்தை நெரித்தாரா என்பதை ஆறாவதாகத் தவறாமல் கேளுங்கள். வெளியே தழும்பே தெரியாமல் கழுத்தின் இரத்தக் குழாய் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். குரல் கம்முதல், விழுங்க வலித்தல், கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், நெரிக்கும்போது நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, தற்கொலை எண்ணத்தைத் தவறாமல் கேட்பது. நான்காவது, மருந்துச் சீட்டைத் திரும்பப் பார்ப்பது. ஆழ்ந்து தூங்கவைக்கும் மாத்திரை, இரவில் அடி விழும் வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் செய்துவிடும். அமிட்ரிப்டிலின் போன்ற, மொத்தமாக விழுங்கினால் உயிரைப் பறிக்கக்கூடிய மருந்தை ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதும் சரியல்ல. வாராவாரம் கொடுத்தால், அந்தப் பெண் தனியே வந்து போக நியாயமான காரணமும் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தோடு முழுவதையும் சொல்ல முடியுமா?

விளக்குவதற்காக அமைத்த உதாரணம் இது. பனியன் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண், நான்கு வயது மகள். மாத்திரைகளை மொத்தமாக விழுங்கி உள்நோயாளியாக இருந்து, மருத்துவப் பிரிவிலிருந்து நம்மிடம் அனுப்பப்படுகிறார். "எதுக்கெடுத்தாலும் கோபம் வருது சார், சாமி வந்த மாதிரி ஆடறா, அப்புறம் மயங்கி விழறா" என்று கணவர் விளக்குகிறார். அவர் சொல்வதை வைத்து மட்டும் பார்த்தால் உளச்சிதறல் மயக்கம், மனச்சோர்வு என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம்.

கணவரிடம் சமூகப் பணியாளர் விவரம் கேட்கிறார். செவிலியர் மகளை விளையாட்டுப் பொருளோடு வேறு அறையில் வைத்துக்கொள்கிறார். தனியே வந்ததும், மயக்கம் எப்போதெல்லாம் வருகிறது என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. சம்பளம் போடும் சனிக்கிழமை இரவுகளில் வருகிறது. சனிக்கிழமை என்ன நடக்கும்? கணவர் குடித்துவிட்டு வருவார், சம்பளக் கவரைக் கேட்பார். கொடுக்காவிட்டால்? அவர் பேசுவதை நிறுத்திக் கழுத்தைத் தொடுகிறார். ஆறு கேள்விகளையும் கேட்டதில், அடி கூடியிருக்கிறது, அரிவாளைக் காட்டியிருக்கிறார், கர்ப்பத்தில் அடித்திருக்கிறார், இரண்டு வாரம் முன்பு கழுத்தை நெரித்திருக்கிறார். அவர் கொல்லக்கூடியவர் என்று நினைக்கிறீர்களா என்றதற்கு, "அதுக்குத்தான் நானே போயிடலாம்னு பார்த்தேன்" என்கிறார்.

அன்றே கழுத்துக்கான பரிசோதனை செய்யப்படுகிறது. வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பு இல்லை என்பது தெளிவு. ஆனால் மகளிர் பாதுகாப்பு விடுதிக்குப் போக அவர் சம்மதிக்கவில்லை, மகளின் சான்றிதழ்களும் தன் வேலையும் அந்த ஊரில் இருக்கின்றன. தற்கொலை ஆபத்து உண்மையிலேயே இருப்பதால் மருத்துவமனையில் மூன்று நாள் கூடுதலாக இருக்க ஒப்புக்கொள்கிறார். கணவருக்கு அந்த மருத்துவக் காரணம் மட்டும் சொல்லப்படுகிறது. அந்த மூன்று நாளில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகர் வார்டுக்கே வந்து பார்க்கிறார். ஆதார், வங்கிப் புத்தகம், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை உடன் வேலை செய்யும் தோழி வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போகின்றன. சம்பளம் கையில் வாங்காமல், தன் பெயரில் புதிதாகத் திறந்த கணக்குக்குப் போக ஏற்பாடாகிறது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் முன் நீதித்துறை நடுவரின் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையைப் பெற வேண்டும் என்று ஆலோசகர் நிறுத்திவைக்கிறார். பணம் நின்ற முதல் சனிக்கிழமைதான் மிக ஆபத்தான இரவாக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு, அது சரியான கணிப்பு. மருத்துவமனையிலிருந்து நேரே மகளோடு அக்கா வீட்டுக்குப் போகிறார். மயக்கத்துக்குத் தனி மருந்து எதுவும் தொடங்கப்படவில்லை.

எங்கே அனுப்புவது? 181 என்று எழுதிக் கொடுத்தால் போதாதா?

எண்ணைக் கொடுப்பது பரிந்துரை ஆகாது. மகளிர் உதவி எண் 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. நம் அறையில் இருந்து, நம் தொலைபேசியில், நம் முன்னிலையில் அந்தப் பெண்ணே பேசுவதுதான் நல்ல தொடக்கம். அப்போது அவருடைய கைப்பேசியில் அழைப்பின் தடயம் இராது, முதல் தயக்கமும் உடையும்.

சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் மாவட்டங்களில் செயல்படுகிறது. ஆலோசனை, சட்ட உதவி, காவல்துறைத் தொடர்பு, ஐந்து நாள் வரை தற்காலிகத் தங்கல் ஆகியவை அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதித்துறை நடுவருக்கு மனு கொண்டுசெல்ல உதவுவார். தாக்குதலைத் தடுக்கும் ஆணை, அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை அந்த மனுவில் கேட்கலாம். அவசரமெனில் 23ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பை அழைக்காமலேயே இடைக்கால ஆணை தரலாம். இது உரிமையியல் தன்மை கொண்ட நிவாரணம், கணவரை உடனே சிறைக்கு அனுப்புவதில்லை என்பதை விளக்கினால் பல பெண்களின் தயக்கம் குறைகிறது. ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, வருமானத்தைப் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞரைத் தருகிறது.

மாதம் ஒருமுறையாவது சகி மையத்தின் ஆலோசகரையும் பாதுகாப்பு அலுவலரையும் நேரில் சந்தித்து வையுங்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடும் பெண்ணை விடுதியில் சேர்க்கத் தயங்குவது இந்த இடத்தில்தான் நேர்கிறது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இன்ன மருந்து, அவசரமெனில் இந்த எண் என்று, அவருடைய சம்மதத்துடன் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து, முன்பே அறிமுகமானவரிடம் பேசினால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு உண்டா?

வயதுவந்த பெண், கணவர் அடிக்கிறார் என்று சொன்னதற்காக மட்டும், அவர் விருப்பத்தை மீறிக் காவல்துறைக்குச் சொல்லும் கடமை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. 4ஆம் பிரிவு, பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தர எவரையும் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். பாலியல் வன்கொடுமை, அமிலத் தாக்குதல் ஆகியவற்றில் இலவசச் சிகிச்சையும் காவல்துறைக்குத் தகவலும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி மருத்துவமனையின் கடமை. பெரிய காயம், விஷம் அருந்துதல் போன்றவற்றில் மருத்துவ-சட்டப் பதிவு போடும் வழக்கம் தனி. அது அவசரப் பிரிவில் நடந்திருக்கும், அந்தப் பதிவில் என்ன காரணம் எழுதப்பட்டது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் விரும்பிக் கேட்டால், குடும்ப நிகழ்வு அறிக்கை எனப்படும் முதலாம் படிவத்தை மருத்துவமனையே நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பலாம். 2006ஆம் ஆண்டு விதிகளின் 17ஆம் விதி இதைச் சொல்கிறது. பரிசோதனை அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். அந்த அறிக்கை எங்கெங்கே போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே விளக்கிவிடுங்கள்.

கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது? கணவர் பார்க்கக் கேட்டால்?

நோயாளி கையில் போகும் புறநோயாளர் நோட்டிலும் மருந்துச் சீட்டிலும் இது பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, சுருக்கக் குறியீடும் கூடாது. மருத்துவமனையில் இருக்கும் பதிவேட்டில் அவருடைய சொற்களை மேற்கோள் குறிக்குள், அவர் பேசியபடியே எழுதுங்கள்: "'போன சனிக்கிழமை ராத்திரி துண்டால் கழுத்தை இறுக்கினார்' என்று நோயாளி கூறினார்." "குற்றம் சாட்டுகிறார்" என்று எழுதினால் நாம் நம்பவில்லை என்ற பொருள் வந்துவிடும். காயத்தை உடல் படத்தில் குறித்து அளவு எழுதுங்கள். நாளை நீதிமன்றத்தில் இந்தப் பக்கமே அவருடைய சாட்சியாக இருக்கலாம்.

அதே பதிவேட்டை அவருக்கு எதிராகவும் பயன்படுத்த முயல்வார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மனநோய் விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்றாக இருப்பதால், "மனைவிக்கு மனநோய்" என்று சான்றிதழ் கேட்டுக் கணவர் வருவது நமக்குப் புதிதல்ல. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. கணவர் என்பதற்காக மட்டும் சான்றிதழோ நகலோ தர வேண்டியதில்லை. ஆனால் அவர் நியமனப் பிரதிநிதியாக இருந்தால், சிகிச்சை பற்றிய தகவலைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பெரும்பாலும் சேர்க்கையின்போது யோசிக்காமல் கணவர் பெயரே அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெண் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம். 14ஆம் பிரிவின்படி வெறும் தாளில் வேறொருவர் பெயரை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அந்த நபரும் எழுத்தில் சம்மதித்தால் போதும். எப்போது மாற்றுவது என்பதை அவருடைய பாதுகாப்பைப் பொறுத்து அவரே முடிவு செய்யட்டும், ஏனெனில் மாற்றம் கணவருக்குத் தெரியவரும்.

கணவருக்குக் குடிப்பழக்கம்தான் காரணம். இருவரையும் உட்காரவைத்துப் பேசிச் சேர்த்து வைக்கலாமா?

அடி தொடரும் வீட்டில் இணை ஆலோசனை கூடாது. கணவர் முன்னால் மனைவி உண்மையைச் சொன்னால் அன்று இரவு அதற்கு விலை கொடுக்க நேரும். சொல்லாவிட்டால் ஆலோசனைக்கே பொருளில்லை. குடிக்குக் கணவர் தனியே சிகிச்சை பெறுவது நல்லது, அடி குறையவும் கூடும். ஆனால் குடி நின்ற பிறகும் மிரட்டலும் பணத்தைப் பறிப்பதும் தொடரும் வீடுகள் உண்டு என்பதால், அவர் சிகிச்சைக்கு வந்ததை மனைவியின் பாதுகாப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவரும் நம் பிரிவிலேயே சிகிச்சை பெற்றால் வெவ்வேறு நாளில், முடிந்தவரை வெவ்வேறு மருத்துவரிடம் வரச் செய்யுங்கள்.

அடுத்த முறை அவர் வரவில்லை. போன் செய்து விசாரிக்கலாமா?

முதல் நாளிலேயே இதற்கு அனுமதி வாங்கியிருந்தால் மட்டும் செய்யலாம். எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்ற மூன்றையும் அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். வேறு குரல் கேட்டால், "மாத்திரை தீர்ந்திருக்கும், வியாழக்கிழமை ஓபி-க்கு வரச் சொல்லுங்க" என்பதற்கு மேல் எதுவும் பேசாதீர்கள். அவரே எடுத்தால், "இப்ப பேச முடியுமா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். "இல்ல" என்றால் வைத்துவிட்டு, அவர் முன்பு குறித்துக் கொடுத்த நேரத்தில் மறுபடி ஒருமுறை முயலுங்கள். அப்போதும் பேச முடியாமல், முன்பு எடைபோட்ட ஆபத்து மிக அதிகம் என்றிருந்தால், முதல் நாளில் அவரிடம் சொல்லி வைத்த எல்லைக்கு உட்பட்டுப் பாதுகாப்பு அலுவலருக்கு அன்றே தகவல் கொடுங்கள்.